மாற்றிய எழுத்து மரத்திலும் கல்லிலும் துணியிலும் ஒட்டாமல் நிற்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

புகைப்படத்தில் உள்ள பலகையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருக்கிறது. அதை அழித்துவிட்டுத் தமிழில் எழுத வேண்டும். பின்னணி ஒரே நிறமாக இருந்தால் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். மர ரேகை, உளி பட்ட கல், நெய்த துணி என்று பின்னணிக்கே ஒரு தோற்றம் இருந்தால், எழுத்தை மாற்றிய பிறகும் படத்தில் ஏதோ உறுத்திக்கொண்டே இருக்கும். அந்த உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் இந்தக் குறிப்பு. மெனுப் பெயர்களை ஃபோட்டோஷாப்பில் உள்ளபடி தந்திருக்கிறேன். ஜிம்ப்பில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

உங்கள் கோப்பு குறைந்தது மூன்று லேயர்களாக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அடியில் கை வைக்காத மூலப்படம், அதன்மேல் பழைய எழுத்தை அழித்த லேயர், எல்லாவற்றுக்கும் மேலே `Smart Object` ஆக மாற்றிய புதிய எழுத்து. அப்படி இல்லாமல் எல்லாம் ஒரே லேயரில் கலந்திருந்தால், முதலில் பிரித்து அமைத்துவிட்டு வாருங்கள். கலந்துபோன கோப்பில் எந்தச் சோதனையும் பலன் தராது.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை

எழுத்து லேயரை மறைத்துவிட்டு, அழித்த பரப்பை மட்டும் பாருங்கள். அங்கே எழுத்து இருந்ததே தெரியாத ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்தால் எதையாவது கவனிப்பாரா? கவனிப்பார் என்றால் கோளாறு அடியில் இருக்கிறது. அறிகுறி 1, 2 பக்கம் போங்கள். பரப்பு சுத்தமாக இருந்தால்தான் அறிகுறி 3-க்கும் அதற்கு அடுத்தவற்றுக்கும் போக வேண்டும்.

இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். எழுத்து ஒட்டவில்லை என்று என்னிடம் வரும் கோப்புகளில் பெரும்பாலானவற்றில் எழுத்தில் குற்றமே இருக்காது. அடியில் இருக்கும் அழிப்பு வேலைதான் காட்டிக்கொடுக்கும். கண் போவது எழுத்தின் பக்கம் என்பதால் பழியும் அதன்மேல் விழுகிறது.

வெறும் கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு `Curves` லேயர் வையுங்கள். கோட்டை செங்குத்தான S வடிவில் இழுத்து, படம் கண்கூசும் அளவுக்கு கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுங்கள். மறைந்திருந்த தடங்கள் எல்லாம் துலங்கிவிடும். பார்த்து முடித்ததும் அந்த லேயரை அணைத்து வையுங்கள், அழிக்க வேண்டாம், மறுபடியும் தேவைப்படும்.

## அறிகுறி 1: பழைய எழுத்தின் சாயல் தெரிகிறது

### எழுத்தைச் சுற்றி மெல்லிய விளிம்பு தெரிந்தால்

தேர்வு எழுத்தை ஒட்டி மிக இறுக்கமாக எடுக்கப்பட்டிருக்கிறது. ஜேபெக் கோப்பு படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. ஒரு கட்டத்தில் எழுத்தின் ஓரம் விழுந்தால், அந்தக் கட்டம் முழுக்கச் சிறு அலைகள் பரவும். நிறத் தகவலைப் பெரும்பாலும் பாதி அளவில்தான் சேமிக்கிறார்கள் என்பதால், நிறக் கசிவு 16 பிக்சல் வரைகூடப் போகும். எழுத்தின் ஓரத்தோடு தேர்வை நிறுத்தினால் இந்தக் கசிவு வெளியே மிச்சமாக நின்றுவிடும்.

`Select > Modify > Expand` போய் முதலில் 8 பிக்சல் விரித்துப் பாருங்கள். நிறச் சாயல் இன்னும் இருந்தால் 16. மூலக் கோப்பு கேமராவின் ரா கோப்பாகவோ, சுருக்காத டிஃப் கோப்பாகவோ கிடைத்தால் 2, 3 பிக்சலே போதும். அதனால் படம் கொடுத்தவரிடம் மூலக் கோப்பு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வாட்ஸாப்பில் வந்த படத்தோடு மல்லுக்கட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

### விளிம்பு இல்லை, ஆனால் எழுத்தின் வடிவில் நிறம் வேறுபட்டால்

இது பெயிண்ட் அடித்த பழைய பலகைகளில் வரும். எழுத்தைச் சுற்றி அழுக்கு சேர்ந்திருக்கும், எழுத்துக்குக் கீழே சாயம் ஒழுகிய தடம் இருக்கும். எழுத்தை அழித்தவர் இவற்றை மரத்தின் பகுதி என்று விட்டிருப்பார். எழுத்து போனபின் அவை மட்டும் தனியே நின்று பழைய சொல்லைக் காட்டிக்கொடுக்கும். அழுக்கையும் சேர்த்து அழித்து, புதிய எழுத்தைச் சுற்றி அதே அடர்த்தியில் மறுபடி லேசாகப் பூசுங்கள்.

### சொல்லின் நீளம் மாறியதால் மிச்சம் தெரிந்தால்

தமிழில் இது அடிக்கடி வரும். PULL என்ற நான்கு எழுத்து இருந்த இடத்தில் ‘இழுக்கவும்’ வருகிறது. அகலத்துக்குள் அடக்க உயரத்தைக் குறைப்போம். உடனே பழைய எழுத்தின் தலையும் காலும் புதிய எழுத்துக்கு வெளியே வந்துவிடும். எப்படியும் புதிய எழுத்து மேலே வந்து மறைத்துவிடும் என்று நம்பி அரைகுறையாக அழித்த இடங்களெல்லாம் இப்போது வெளிச்சத்துக்கு வரும். எழுத்து மறைக்கப்போகும் இடம் உட்பட, முழுப் பரப்பையும் முழுதாகச் சுத்தம் செய்யுங்கள். வாடிக்கையாளர் நாளைக்குச் சொல்லை மாற்றினாலும் அடியில் கை வைக்க வேண்டியிருக்காது.

## அறிகுறி 2: அழித்த இடம் மழுங்கலாக அல்லது ஒட்டுப்போட்டதாகத் தெரிகிறது

### மரத்தில்

முதலில் பார்க்க வேண்டியது, ரேகை தொடர்கிறதா என்பதை. அழித்த இடத்தின் இடது ஓரத்தில் நுழையும் ஒரு கரும் ரேகையைப் பிடித்துக்கொண்டு வலது ஓரம் வரை கண்ணால் போங்கள். நடுவில் அது காணாமல் போனாலோ, படி மாதிரி இறங்கினாலோ காரணம் கிடைத்துவிட்டது.

எளிய தீர்வு, `Clone Stamp` கருவியில் மாதிரி எடுக்கும் இடத்தை மாற்றுவது. ரேகை ஓடும் திசையிலேயே நகர்ந்து மாதிரி எடுங்கள். குறுக்கே போய் எடுக்காதீர்கள். குறுக்கே போனால் ரேகைகளின் நெருக்கமும் நிறமும் மாறிவிடும். பக்கத்துப் பலகையிலிருந்தும் எடுக்காதீர்கள், அது வேறு மரத்துண்டு.

`Edit > Content-Aware Fill` பயன்படுத்துகிறீர்கள் என்றால், பச்சையாகத் தெரியும் மாதிரிப் பகுதியை அது கொடுத்தபடியே விட்டுவிடாதீர்கள். கணு, ஆணி, மற்ற எழுத்துகள், அடுத்த பலகை எல்லாவற்றையும் அதிலிருந்து நீக்குங்கள். `Rotation Adaptation` என்பதை `None` ஆக வையுங்கள். மர ரேகையைச் சுழற்றிப் பொருத்தினால் உடனே தெரிந்துவிடும். ஒரே கணு இரண்டு இடத்தில் வந்திருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

ரேகை சரி, ஆனால் வெளிச்சம் ஒரு பக்கமாக மங்கிப்போவதால் திட்டு தெரிகிறது என்றால் `Healing Brush` உதவும். அது மாதிரி இடத்தின் ரேகையை எடுத்து, அழிக்கும் இடத்தின் வெளிச்சத்தோடு கலக்கும். ஆனால் பலகையின் விளிம்புக்கோ நிழலுக்கோ அருகில் போனால் அந்தக் கருமையையும் இழுத்து அப்பிவிடும். அங்கே மட்டும் `Clone Stamp`-க்குத் திரும்புங்கள்.

### துணியில்

துணியில் அழித்த இடம் தெரிவதற்கு முக்கியக் காரணம், நூல் வரிசை பிசகுவது. மரத்தில் அரை பிக்சல், ஒரு பிக்சல் பிசகினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். நெசவில் அது கோடாக நிற்கும்.

இதற்கு அளந்து வேலை செய்வதுதான் வழி. 100 சதவீதத்துக்கு மேல் பெரிதாக்கி, பத்து நூல் எத்தனை பிக்சல் வருகிறது என்று அளவிடுங்கள். 62 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு நூலுக்கு 6.2 பிக்சல். மாதிரியை 6 பிக்சலோ 7 பிக்சலோ நகர்த்தினால் நூல் பிசகும். 62 பிக்சல் நகர்த்தினால் பத்து நூல் கச்சிதமாகப் பொருந்தும். சாதாரண நெசவில் ஒரு நூல் மேலே, அடுத்த நூல் கீழே என்று போவதால், நகர்த்தும் நூல்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும். ஒற்றைப்படையில் நகர்த்தினால் மேல் நூல் வரவேண்டிய இடத்தில் கீழ் நூல் வந்து நிற்கும். சாய்வரி விழும் ட்வில் நெசவில் அந்த வடிவம் எத்தனை நூலுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று எண்ணி, அதன் மடங்கில் நகர்த்துங்கள்.

எடுத்த துண்டைப் பெரிதாக்குவதும் திருப்புவதும் கூடாது. அப்படிச் செய்தவுடன் பிக்சல்கள் மறுபடி கணக்கிடப்பட்டு நூல் மழுங்கும், பக்கத்து நூல்களோடு சேர்ந்து அலை அலையாகக் கோடு விழும். துணி சாய்வாகப் படம்பிடிக்கப்பட்டிருந்தால் தூரத்து நூல் சிறிதாகவும் கிட்டத்து நூல் பெரிதாகவும் இருக்கும். எனவே அழிக்கும் இடத்துக்கு இணையான தூரத்தில் இருக்கும் துணியிலிருந்தே மாதிரி எடுங்கள்.

### கல்லில்

கிரானைட் புள்ளிகள் எந்த ஒழுங்கும் இல்லாதவை, அதனால் இங்கே வேலை எளிது. மாதிரி எடுக்கும் இடத்தை அடிக்கடி மாற்றினாலே போதும். அடுக்கு அடுக்காகக் கோடு ஓடும் மணற்கல் என்றால் மரத்துக்குச் சொன்னதே பொருந்தும்.

## அறிகுறி 3: எழுத்து பரப்பின்மேல் மிதக்கிறது

பரப்பு சுத்தம், ஆனாலும் எழுத்து ஸ்டிக்கர் மாதிரி நிற்கிறது. இதற்கான காரணங்களை ஓர் உதாரணத்தை வைத்தே வரிசையாகப் பார்க்கலாம். 3000 பிக்சல் அகலமுள்ள படம். கருமரக் கதவுப் பலகை, ரேகை கிடைமட்டமாக ஓடுகிறது. அதில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த PULL, 240 பிக்சல் உயரம். அதை ‘இழுக்கவும்’ என்று மாற்றியதில் உயரம் 150 பிக்சலாகக் குறைந்திருக்கிறது.

### நிறம் சரியா?

இதுதான் மிக எளிய காரணம், மிகப் பொதுவான காரணமும் கூட. எழுத்துக்கு 255, 255, 255 என்ற தூய வெள்ளை கொடுத்திருப்பார்கள். மூலப்படத்தில் பழைய எழுத்தின்மேல் `Eyedropper` கருவியை வைத்துப் பாருங்கள். மாதிரி அளவை `5 by 5 Average` ஆக வைத்தால் ஒற்றைப் பிக்சலின் தற்செயல் நிறம் வராது. நம் உதாரணத்தில் வெளிச்சம் படும் பக்கம் 214, 205, 188 என்று வருகிறது, நிழல் பக்கம் 176, 168, 155. அதாவது நாம் வெள்ளை என்று நினைத்தது மஞ்சள் கலந்த சாம்பல். எழுத்துக்கு ஒரே நிறம் தராமல், இந்த இரண்டுக்கும் இடையே ஓடும் ஒரு மெல்லிய கிரேடியன்ட் கொடுங்கள். கருப்பு எழுத்துக்கும் இதே கதைதான், படத்தில் தூய கருப்பு அபூர்வம்.

### ரேகை எழுத்துக்குள் தெரிகிறதா?

பலர் இந்த இடத்தில் பிளெண்ட் மோடை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார்கள். வெளிர் பரப்பில் கரு எழுத்து என்றால் `Multiply` பெரும்பாலும் போதும். கரும் பரப்பில் வெள்ளை எழுத்து என்றால் `Multiply` எழுத்தையே விழுங்கிவிடும். `Screen` அதை விளக்குப் போட்டதுபோல் ஒளிரவைக்கும். பெயிண்ட் ஒளியை விடாது, அது மரத்தை மறைக்கிறது. எனவே மோடை `Normal`-இலேயே விட்டு, பெயிண்ட் நிரப்பாத பள்ளங்களில் மட்டும் மரம் எட்டிப்பார்க்கும்படி செய்ய வேண்டும்.

எழுத்து லேயரின் பெயருக்கு வலப்பக்கமுள்ள வெற்றிடத்தில் இருமுறை தட்டி `Blending Options` திறங்கள். கீழே `Blend If` பகுதியில் `Underlying Layer` பட்டையில் கருப்பு முனையை வலப்பக்கம் நகர்த்துங்கள். எங்கே நிறுத்துவது என்பதை மரமே சொல்லும். நம் பலகையில் கரும் ரேகையின் வெளிச்ச அளவு சுமார் 50, ரேகைகளுக்கு இடைப்பட்ட மேடு சுமார் 110. முனையை 80 வரை கொண்டுபோய், பிறகு `Alt` விசையை அழுத்தியபடி முக்கோணத்தை இரண்டாகப் பிரித்து இடது பாதியை 45-க்கு இழுங்கள். 45-க்குக் கீழ் உள்ள இடங்களில் மரம் முழுதாகத் தெரியும், 45-க்கும் 80-க்கும் இடையே படிப்படியாகக் கலக்கும், அதற்கு மேல் பெயிண்ட் முழுமையாக நிற்கும். பிரிக்காமல் விட்டால் எழுத்து முழுக்கப் பொரிப்பொரியாக உடைந்து தெரியும். முனையை 110 தாண்டிக் கொண்டுபோனால் எழுத்தே காணாமல் போகும். அப்படி ஆனால் அளவை மீறிவிட்டீர்கள் என்று பொருள்.

ஜிம்ப்பில் இந்தப் பட்டை கிடையாது. சுத்தம் செய்த பரப்பின் கருப்பு வெள்ளை நகல் ஒன்றை எழுத்து லேயருக்கு மாஸ்க்காகக் கொடுத்து, அந்த மாஸ்க்கின்மேல் `Levels` மூலம் இதே எல்லைகளை வையுங்கள். பலன் ஒன்றுதான்.

பெயிண்ட் நிரம்பிய இடங்களிலும் ரேகையின் மேடு பள்ளம் லேசாகத் தெரிய வேண்டும். சுத்தம் செய்த பரப்பை நகலெடுத்து எழுத்துக்கு மேலே வைத்து, எழுத்தோடு `Create Clipping Mask` செய்யுங்கள். அதில் `Filter > Other > High Pass` 4 பிக்சல் அளவில் கொடுத்து, மோடை `Overlay` ஆக்கி, `Opacity`-ஐ 30 சதவீதம் அளவுக்குக் குறைத்துவிடுங்கள். ஹை பாஸ் நிறத்தின் பெரிய வேறுபாடுகளை நீக்கிவிட்டு நுண்ணிய ரேகையை மட்டும் கொடுக்கும். 30-க்கு மேல் போனால் பெயிண்ட் அடித்தது போல் இருக்காது, மரத்துக்குச் சாயம் ஏற்றியது போல் ஆகிவிடும்.

### ஓரம் கூராக இருக்கிறதா?

எழுத்துரு வரைந்த ஓரம் லென்ஸ் பிடித்த ஓரத்தைவிட எப்போதும் கூராகவே இருக்கும். படத்தில் உள்ள வேறு ஏதாவது கூர்மையான ஓரத்தை, உதாரணமாக ஆணித்தலையை, 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். இருளிலிருந்து வெளிச்சத்துக்கு மாற எத்தனை பிக்சல் எடுத்துக்கொள்கிறது? மூன்று என்றால் எழுத்தும் மூன்று எடுத்துக்கொள்ள வேண்டும். `Gaussian Blur` 0.5-இல் ஆரம்பித்து 0.2 0.2-ஆக ஏற்றுங்கள். 150 பிக்சல் உயர எழுத்தில் 1-ஐத் தாண்ட வேண்டியது அபூர்வம். தாண்டினால் ‘ழு’வின் சுழி அடைபடும், ‘க்’ மேலுள்ள புள்ளி கரைந்துவிடும். அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே அளவை ஏற்றுங்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் மிதக்கிறது என்றால்தான் ஓரத்தை மரத்தோடு வளைக்க வேண்டும். அதற்கு `Displace`. அதில் வரும் கோளாறுகள் தனி ரகம்.

## அறிகுறி 4: `Displace` கொடுத்தபின் எழுத்து நகர்ந்துவிட்டது, பிய்ந்துவிட்டது, அல்லது எதுவும் ஆகவில்லை

### எதுவும் ஆகவில்லை அல்லது வளைவு தப்பான இடத்தில் விழுகிறது

எழுத்து எங்கே எவ்வளவு வளைய வேண்டும் என்று `Displace`-க்குச் சொல்லும் படம்தான் மேப், அது பரப்பின் கருப்பு வெள்ளை நகல். அந்த மேப் கோப்பை `.psd` ஆக, ஒரே லேயராகத் தட்டையாக்கிச் சேமித்தீர்களா என்று பாருங்கள். அடுத்து அதன் அகல உயரம் படத்தோடு பிக்சலுக்குப் பிக்சல் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். படத்தை வெட்டிச் சிறிதாக்கிய பிறகு பழைய மேப்பையே பயன்படுத்துவதுதான் இங்கே வழக்கமான காரணம்.

### எழுத்து மொத்தமாக ஒரு மூலைக்கு நகர்ந்துவிட்டது

இது பலரைக் குழப்பும், ஆனால் கணக்கு எளிது. மேப்பில் நடுச்சாம்பல், அதாவது 128, இருக்கும் இடத்தில் எதுவும் நகராது. அதைவிடக் கருத்தால் ஒரு பக்கம், வெளுத்தால் மறுபக்கம் நகரும். `Scale` 100 என்றால் அதிகபட்ச நகர்வு 128 பிக்சல், 10 என்றால் சுமார் 13. நம் கருமரப் பலகையின் சராசரி அளவு 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். 128-லிருந்து 58 குறைவு. 10 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 6 பிக்சல். ஆகவே மேப்பின் எந்த நுணுக்கமும் வேலை செய்யும் முன்னரே எழுத்து முழுவதும் குறுக்காக 6 பிக்சல் நகர்ந்துவிடுகிறது.

தீர்வு, மேப்பின் சராசரியை 128-க்குக் கொண்டுவருவது. கருப்பு வெள்ளை நகலில் `High Pass` 15 பிக்சல் கொடுத்தால் அது தானாகவே நடுச்சாம்பலைச் சுற்றி அமைந்துவிடும். `Histogram` பலகத்தில் `Mean` 128-க்கு அருகில் வந்ததா என்று பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.

### ஓரம் பிய்ந்து தூள்தூளாகிறது

மேப்பில் கேமராவின் இரைச்சலும், அதாவது படம் முழுக்கப் பரவும் பொடிப்புள்ளிகளும், சேர்ந்து போயிருக்கிறது. மேப்பைச் சேமிக்கும் முன் `Gaussian Blur` கொடுங்கள். மரத்துக்கு 1.5 பிக்சல் போதும். துணிக்கு அது போதாது. துணியில் எழுத்தை வளைப்பது மடிப்பு. நூலும் அச்சிட்ட பூ வேலைப்பாடும் எழுத்தை வளைப்பதில்லை. நூல் முழுதாகக் கரைந்து மடிப்பின் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சும்வரை மழுக்குங்கள். நூலுக்கு 6 பிக்சல் வரும் துணியில் 10 பிக்சல் வரைகூடப் போகலாம். இங்கே `High Pass` கொடுத்தால் மடிப்பின் அகலத்தைவிடப் பெரிய அளவாக வையுங்கள், இல்லாவிட்டால் மடிப்பே அழிந்துவிடும்.

### வளைந்திருக்கிறது, ஆனால் இயல்பாக இல்லை

மரத்தில் இரண்டு திசைக்கும் ஒரே அளவு கொடுத்திருப்பீர்கள். பெயிண்ட் மரத்தின் நார் வழியாகத்தான் ஊறும், நாருக்குக் குறுக்கே அவ்வளவாகப் போகாது. ரேகை கிடைமட்டமாக ஓடும் நம் பலகையில் `Horizontal Scale` 5, `Vertical Scale` 1 என்று கொடுங்கள். ‘க’வின் செங்குத்துக் கோட்டு ஓரங்களில் மிகச் சிறிய பற்கள் பக்கவாட்டில் நீளும், மேல் கோடு கிட்டத்தட்ட நேராகவே நிற்கும். மூலப்படத்தில் பழைய எழுத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இதேபோல்தான் இருக்கும். நம் உதாரணம் இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது, இதற்கு மேல் அதற்கு எதுவும் தேவையில்லை.

## அறிகுறி 5: செதுக்கிய எழுத்து குழியாகத் தெரியாமல் புடைத்துத் தெரிகிறது

வெளிச்சத்தின் திசை மாறியிருக்கிறது. மேல் இடப்பக்கமிருந்து வெளிச்சம் வந்தால், செதுக்கிய குழியின் மேல் இடச் சுவர் இருட்டாகவும் கீழ் வலச் சுவர் வெளிச்சமாகவும் இருக்கும். புடைத்த எழுத்தில் இது தலைகீழ்.

முதலில் படத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். அதே கல்லில் அழிக்காமல் விட்ட எழுத்தோ பூவேலையோ இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. `Bevel & Emboss`-இல் `Inner Bevel`, `Chisel Hard`, `Direction: Down` என்று வையுங்கள். `Use Global Light` குறியை எடுத்துவிட்டு `Angle`-ஐ நீங்கள் கண்டுபிடித்த திசைக்குத் திருப்புங்கள். அந்தக் குறி இருந்தால் கோப்பின் வேறு ஏதோ லேயருக்கு வைத்த கோணம் இங்கேயும் வந்து உட்கார்ந்துவிடும்.

திசை சரியாக இருந்தும் பிளாஸ்டிக் போலத் தெரிந்தால், நிழலின் நிறத்தைப் பாருங்கள். ஃபோட்டோஷாப் தானாக வைப்பது கருப்பு. உண்மையான குழியின் ஆழத்திலிருந்து நிறத்தை எடுத்துக் கொடுங்கள். பெரும்பாலும் அது கல்லின் நிறத்திலேயே அடர்ந்த ஒரு சாயையாக இருக்கும். வெளிச்ச ஓரத்துக்குத் தூய வெள்ளை வேண்டாம், கல்லின் மிக வெளிறிய புள்ளியின் நிறம் போதும். குழிக்குள்ளும் கல்லின் புள்ளிகள் தெரிய வேண்டும் என்பதால் லேயரின் `Fill`-ஐ 0 ஆக்கிவிடுங்கள், ஸ்டைல் மட்டும் நிற்கும்.

அடுத்தது தமிழ் எழுத்துக்கே உரிய சிக்கல். வளைவுகள் அதிகம் என்பதால் ஒரே கோடு திரும்பத் திரும்ப நிழல் பக்கத்தையும் வெளிச்சப் பக்கத்தையும் மாற்றிக்கொண்டே போகும். மெல்லிய எழுத்துரு எடுத்தால் சுழிகளில் இரண்டு சுவரும் ஒட்டிக்கொண்டு குழி தெரியாது. கோட்டின் தடிமன் குறைந்தது 12 பிக்சலாவது இருக்கும் எழுத்துருவாக எடுங்கள். கடைசியாக, மூலக் கல்வெட்டில் உளி தெறித்த இடங்களை இரண்டு மூன்று எடுத்து, புதிய எழுத்தின் மூலைகளில் `Clone Stamp` மூலம் வையுங்கள். எல்லா மூலையிலும் வைக்க வேண்டாம்.

படத்தில் இருப்பது உண்மையான பழங்காலக் கல்வெட்டு என்றால் எழுத்தை மாற்றவே கூடாது என்பது என் கருத்து. கீழே தமிழில் ஒரு விளக்க வரி போட்டுவிடுங்கள். மாற்றிய படம் ஒருமுறை வெளியே போய்விட்டால், பிறகு அதுதான் அசல் என்று யாரோ எடுத்துக்காட்டுவார்.

## அறிகுறி 6: எடிட் செய்யும்போது நன்றாக இருந்தது, பெரிதாக்கினால் தெரிகிறது

எழுத்தில் இரைச்சல் இல்லை, சுற்றியிருக்கும் படத்தில் இருக்கிறது. `Channels` பலகத்தில் நீலச் சேனலை மட்டும் பாருங்கள். இரைச்சல் பெரும்பாலும் அங்கேதான் அதிகம், அங்கே எழுத்து வழுவழுவென்று தனியாகத் தெரியும். எழுத்தோடு இணைத்த சாம்பல் லேயர் ஒன்றில் `Add Noise` 2 சதவீதம் கொடுத்து, `Overlay`-இல் வைத்து, நீலச் சேனலில் வேறுபாடு மறையும்வரை ஏற்றுங்கள். பிறகு மூலப்படம் எந்தத் தரத்தில் சேமிக்கப்பட்டிருந்ததோ அதே தரத்தில் ஒரே ஒருமுறை ஏற்றுமதி செய்யுங்கள்.

## எப்போது வேறு ஆளிடம் கொடுப்பது

எழுத்து தையல் வேலையாக இருந்தால், எம்பிராய்டரி செய்த சட்டைப் பை மாதிரி, முதலிலேயே கொடுத்துவிடுங்கள். அங்கே நூல் எழுத்தின் கோட்டோடு திரும்புகிறது, ஒவ்வொரு வளைவிலும் அதன் பளபளப்பு மாறுகிறது. மேலே சொன்ன எதுவும் அதைத் தராது. அந்த எழுத்தை உண்மையிலேயே தைத்துப் படம் எடுப்பது பல நேரங்களில் குறைந்த செலவாக முடியும்.

ஆழமாகச் செதுக்கிய கல்லில் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்து, ஒரு எழுத்தின் நிழல் அடுத்த எழுத்துமேல் படிந்தால் முப்பரிமாணத்தில் செய்பவர் வேண்டும். பழைய எழுத்து பரப்பின் பாதிக்கு மேல் நிறைத்திருந்து, மாதிரி எடுக்கச் சுத்தமான இடமே இல்லை என்றால் அதே கோணத்தில், அதே நேர வெளிச்சத்தில் எழுதாத பலகையை மறுபடி படம் எடுக்கச் சொல்லுங்கள். படம் சுவர் அளவுக்கு அச்சாகப்போகிறது, அதுவும் நெசவுத் துணி என்றாலும் ரீடச்சிங் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

கொடுக்கும்போது கை வைக்காத மூலக் கோப்பு, சுத்தம் செய்த பரப்பு தனி லேயராக, எழுத்தை `Convert to Shape` செய்து வடிவமாக மாற்றிய கோப்பு ஆகிய மூன்றும் போக வேண்டும். வடிவமாக மாற்றாவிட்டால் அவர் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது ‘கொ’ உடைந்து கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாதவராக இருந்தால் அதைக் கவனிக்கவும் மாட்டார். சரியான சொல்லைப் படமாகவும் தனியே அனுப்பி, முடித்த வேலையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே ஒப்புதல் கொடுங்கள்.